கம்பிக் கோலத்தில் சமச்சீரும் ஒற்றைக் கம்பியும்: புள்ளிசூழ் கண்ணிகளின் ஆய்வு வரலாறு (1929–2007)

ஆய்வுச் சுருக்கம்

நேர்ப்புள்ளி வைத்துச் சுற்றி வளைக்கும் கம்பிக் கோலம் சமச்சீராகவும், முனையற்ற ஒரே கம்பியாலும் அமைவதே நிறைவுடையது என்னும் கருத்து கோல ஆய்வில் வலுப்பெற்றுள்ளது. பல கம்பிகளாலான வடிவங்களையும் சமச்சீர் குன்றிய வடிவங்களையும் மூலத்தினின்று சிதைந்தவையாகக் காணும் போக்கும் இக்கருத்தினின்றே எழுந்தது. இக்கட்டுரை 1929 முதல் கோலம் ஏட்டில் பதிவான முறைகளை நோக்கி, 3 × 3 புள்ளிக் கோலம் ஒன்றைத் திட்டமிடும் படிகளை முழுமையாக ஆராய்கிறது. சதுரப் புள்ளித் தளத்தில் மூலைவிட்ட ஆடிச் சமச்சீரும் ஒற்றைக் கம்பியும் ஒருங்கே அமைய இயலாது என்பதை நிறுவி, அதன்வழி சிதைவுக் கருதுகோளின் எல்லையை வரையறுக்கிறது.

திறவுச் சொற்கள்: கம்பிக் கோலம், புள்ளித் தளம், கண்ணி, சமச்சீர், கிஃப்ட் சிரோமணி, லேயார்ட், கெர்டஸ்

கோலம் ஏடேறிய வரலாறு

வாயிலில் இடும் கோலம் அன்றே மிதிபட்டு அழிவது. அதனை ஆராய்வோருக்குக் கிடைப்பவை பிறர் தாளில் படியெடுத்த வடிவங்களே. படியெடுத்தவர் எதைக் கண்டார், எதை விட்டார் என்பது பின்னர் எழும் முடிவுகள் அனைத்தையும் தீர்மானிக்கிறது. எனவே கோலத்தின் அமைப்பைப் பற்றிப் பேசுமுன் அது ஏடேறிய வழியைச் சுருக்கமாகவேனும் காண்பது தேவையாகிறது.

சென்னை மாகாணத்துக் கோலங்களைப் பற்றி எச். ஜி. துரை எழுதிய முதனிலைக் குறிப்பு 1929ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவந்த ‘மேன்’ என்னும் மானிடவியல் இதழில் அச்சாயிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து, 1937இல், ஜான் லேயார்ட் ‘ஃபோக்லோர்’ இதழில் தென்னிந்திய வாயிற்கோலங்களையும் பச்சைக் குத்து வடிவங்களையும் இணைத்து நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். லேயார்ட் அதற்கு முன்னரே பசிபிக் பெருங்கடலின் மலேக்குலாத் தீவில் களப்பணி செய்தவர். அத்தீவு மக்கள் மணலில் விரலெடுக்காது வரையும் வடிவங்களை அவர் அறிந்திருந்தார். ஆகவே தமிழகக் கோலத்தை அவர் நோக்கியபோது, புதிர்வழியும் முனையற்ற கோடும் அவர் கண்ணில் முதலில் பட்டதில் வியப்பில்லை. துரை, லேயார்ட் ஆகிய இருவரின் கட்டுரைகளிலும் கோலம் முடிந்த வடிவமாகவே காணப்படுகிறது. கை எங்கே தொடங்கியது, எத்திசையில் சென்றது, எங்கே வந்து கூடியது என்பதை முடிந்த வடிவத்திலிருந்து நேரடியாக அறிய இயலாது.

கோலத்தை வரைமுறையாக நோக்கும் ஆய்வு தாம்பரத்தில் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் வெளியிட்ட கட்டுரை, கோலத்தைக் குறியீடுகளின் அணியாகக் கொண்டு அதற்கு இலக்கணம் வகுத்தது. எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி எழுதும் மொழி இலக்கண விதிகளைப் போன்று, நிரையும் நிரலுமாக அமைந்த கட்டங்களை மாற்றி எழுதும் விதிகளை அவர்கள் அமைத்தனர். சிறிய கோலம் ஒன்றிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலங்களை அவ்விதிகளால் வளர்த்தெடுக்க முடிந்தது. இதனைப் பரப்பு நோக்கு எனலாம். தளம் முழுவதும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கிறது. கட்டந்தோறும் எவ்வகைக் கீற்று நிற்கிறது என்பதே வினா.

பின்னர் அதே குழுவினர் கம்பியின் நடையை நோக்கினர். கிஃப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். அவர் நினைவாக 1989இல் வெளிவந்த தொகுப்பில், ராணி சிரோமணியும் ராபின்சனும் அவருடன் சேர்ந்து எழுதிய கம்பிக் கோலக் கட்டுரை இடம்பெற்றது. அதில் கோலம் அசைவுகளின் தொடராக எழுதப்படுகிறது. நேர்செலவும், இருபுறமும் வெவ்வேறு அளவில் வளையும் வளைவுகளும் அவ்வசைவுகள். கம்பி முனையின்றிக் கூடுவதால் அத்தொடருக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதனால்தான் அவ்விலக்கணத்தைச் சுழல் இலக்கணம் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இதனை நடை நோக்கு எனலாம்.

கோலமிடுபவர் இவ்விரு நோக்குகளையும் ஒருங்கே கையாள்கிறார். புள்ளி வைத்து முடிந்ததும் தளத்தைப் பரப்பாகக் காண்கிறார். மாவை எடுத்து இழுக்கத் தொடங்கியதும் நடையாக நிகழ்த்துகிறார். இரண்டுக்கும் இடையே என்ன உறவு என்பதைச் சிறிய தளம் ஒன்றில் படிப்படியாகக் காணலாம்.

ஒன்பது புள்ளித் தளம்

மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என ஒன்பது நேர்ப்புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்குப் பின்வருமாறு எண்ணிடலாம்.

```
1   2   3
4   5   6
7   8   9
```

கம்பிக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடுவதில்லை; சுற்றிச் செல்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் நான்கு கால்வட்ட வளைவுகள் சூழ்கின்றன. இடமேல், வலமேல், இடக்கீழ், வலக்கீழ் என அவற்றைக் குறிக்கலாம். ஒன்பது புள்ளிகளுக்கும் மொத்தம் 36 வளைவுகள் உள்ளன. இவ்வளவும் எக்கோலத்துக்கும் பொது. கோலத்துக்குக் கோலம் மாறுவது அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே நிகழ்வது மட்டுமே. அவ்விடத்தைப் புள்ளியிடை எனலாம். புள்ளியிடையில் இரு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லலாம், அல்லது வெட்டாமல் தத்தம் புள்ளியையே சுற்றி விலகலாம். முன்னதை வெட்டு என்றும் பின்னதை விலகல் என்றும் கொள்வோம். இரு புள்ளிகளையும் ஒரே கூட்டினுள் அடக்கிக் கம்பிகள் இணையாகச் செல்லும் மூன்றாம் வகையும் வழக்கில் உண்டு. அது இங்கு முதலில் தேவைப்படாது.

ஒன்பது புள்ளித் தளத்தில் புள்ளியிடைகள் 12. ஒவ்வொன்றிலும் வெட்டா, விலகலா என்று முடிவு செய்தால் கோலம் முழுமையாகத் தீர்மானமாகிவிடும். யானகிசாவா, நகாதா ஆகிய இரு ஜப்பானிய ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய ஈரிலக்க முறையிலேயே கோலத்தை எழுதியது. இரு தெரிவுகள் 12 இடங்களில் அமைவதால் கிடைக்கும் வடிவங்கள் 4096. கோலமிடுபவர் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சமச்சீர் என்னும் ஒரு நியதியே இத்தொகையைச் சட்டென்று சுருக்கிவிடுகிறது.

பன்னிரண்டு இடங்களிலும் வெட்டே அமைந்தால் என்னவாகும்? கம்பி எங்கும் மூலைவாக்கில் நேராகச் செல்லும். தளத்தின் விளிம்பில் மட்டும் திரும்பும். அவ்வாறு வரைந்தால் மூன்று கண்ணிகள் கிடைக்கும். முதற்கண்ணி 1, 5, 9 ஆகிய புள்ளிகளை நீளவாக்கில் சூழும். இரண்டாவது 3, 5, 7 ஆகியவற்றைச் சூழும். மூன்றாவது சாய்சதுரமாக 2, 6, 8, 4 ஆகியவற்றின் வெளிப்புறமாக ஓடும். இதனை மூலைக்கண்ணி இரண்டு, சாய்சதுரக் கண்ணி ஒன்று எனக் கொள்ளலாம்.

கண்ணிகளின் இந்த எண்ணிக்கை தற்செயலானது அன்று. எல்லாப் புள்ளியிடையிலும் வெட்டு அமைந்த செவ்வகத் தளத்தில், வரிசை எண்ணுக்கும் வரிசையிலுள்ள புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுஎண்ணே கண்ணிகளின் தொகை. 5 × 7 தளத்தில் ஒரு கண்ணி, 6 × 9 தளத்தில் மூன்று, 3 × 3 தளத்திலும் மூன்று. அங்கோலா நாட்டுச் சோக்வே மக்களின் சோனா என்னும் மணல்வரைவுகளை ஆராய்ந்த பாலஸ் கெர்டஸ் இவ்விதியை அவ்வரைவுகளில் விளக்கியுள்ளார். இதன்படி, n × n என்னும் சதுரத் தளத்தில் முழு வெட்டுக் கோலம் என்றும் n கண்ணிகளைக் கொண்டிருக்கும். சதுரமே நம் வாயில்களில் மிகுதியாக இடப்படும் தளம். ஒற்றைக் கம்பிக்கு மிகுந்த தடையாக இருப்பதும் அதுவே.

மூன்று கம்பிகளை ஒன்றாக்கும் படிகள்

வெட்டு ஒன்றை விலகலாக மாற்றும்போது நிகழ்வதை அறிந்தால் திட்டமிடல் எளிதாகும். வெட்டில் சந்திப்பவை இரு வேறு கண்ணிகளானால், விலகல் அவற்றை ஒரே கண்ணியாக இணைத்துவிடும். ஒரே கண்ணி தன்னைத்தானே வெட்டும் இடமானால், விலகலால் அது இரண்டாகப் பிரியலாம், பிரியாமலும் இருக்கலாம். எது நிகழும் என்பது கம்பி அவ்வெட்டை இரண்டாம் முறை கடக்கும் திசையைப் பொறுத்தது.

ஒன்பது புள்ளித் தளத்தில் 1–2 புள்ளியிடையை விலக்குவோம். அங்கே ஒரு மூலைக்கண்ணியும் சாய்சதுரக் கண்ணியும் சந்தித்தன. எனவே அவை இணைந்து கண்ணிகள் இரண்டாகும். அடுத்து 3–6 புள்ளியிடையை விலக்கினால் மற்ற மூலைக்கண்ணியும் இணைந்து, தளம் முழுவதும் ஒரே கம்பியாகும். ஒற்றைக் கம்பி மட்டுமே நோக்கமானால் வேலை இங்கே முடிந்தது. ஆனால் மேற்பகுதியில் மட்டும் விலகல்கள் நிற்பதால் கோலம் கோணலாகத் தோன்றும். தளத்தைக் கால்சுற்றுத் திருப்பினாலும் அதே வடிவம் அமைய வேண்டுமாயின், 9–8, 7–4 ஆகிய இடங்களிலும் விலகல் வேண்டும்.

9–8 புள்ளியிடையை விலக்கியதும் ஒற்றைக் கம்பி மீண்டும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒன்று கெட்டது என்று இவ்விடத்தில் கைவிடுபவர் பிழை செய்தவராவார். நான்காவதாக 7–4 புள்ளியிடையை விலக்கினால் இரண்டும் இணைந்து கம்பி ஒன்றாகிவிடும். கண்ணிகளின் தொகை மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று என மாறிச் செல்கிறது. சமச்சீர் நோக்கி விலகல்களை நான்கு நான்காகச் சேர்க்கும் கோலத்தில் இடைநிலை எண்ணிக்கையைக் கொண்டு இறுதி நிலையைக் கணிக்க இயலாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இறுதியில் எஞ்சிய வெட்டுகள் எட்டு. நடுப்புள்ளியாகிய 5, தன் நான்கு பக்கமும் உள்ள 2, 4, 6, 8 ஆகியவற்றோடு வெட்டால் இணைகிறது. மூலைப்புள்ளிகளில் 3 ஆனது 2 உடனும், 9 ஆனது 6 உடனும், 7 ஆனது 8 உடனும், 1 ஆனது 4 உடனும் இணைகின்றன. வெட்டுள்ள புள்ளியிடைகளைக் கோடுகளாக எண்ணினால் சுவத்திக வடிவம் கிடைக்கிறது. அக்கோடுகள் எங்கும் வளையமாக மூடிக்கொள்வதில்லை, மரம்போல் கிளைக்கின்றன. ஒற்றைக் கம்பிக்கான எளிய விளக்கமும் இங்கேயே உள்ளது. ஒரு புள்ளியைச் சுற்றிய வட்டம் ஒரு கண்ணி. அதன் அருகே புதுப்புள்ளி ஒன்றை வெட்டால் சேர்த்தால், அவ்வட்டம் எட்டின் வடிவில் முறுக்கிக்கொள்ளுமேயன்றிப் புதுக்கண்ணி தோன்றாது. கிளை மூடாதவரை எத்தனை புள்ளி சேர்த்தாலும் கம்பி ஒன்றே. ஒன்பது புள்ளிக்கு எட்டு வெட்டு என்பது இக்கணக்கே.

ஆனால் மரவடிவில் இல்லாத கோலம் ஒற்றைக் கம்பியாகாது என்று இதிலிருந்து கருதிவிடலாகாது. 2 × 3 தளத்தில் ஏழு புள்ளியிடைகளும் வெட்டாக நிற்கும்போது இரு வளையங்கள் மூடிக்கொள்கின்றன. எனினும் கம்பி ஒன்றுதான். வாயில்களில் காணப்படும் செறிந்த கோலங்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. மரவடிவம் உறுதியளிப்பது, அவ்வளவே. வெட்டு குறைவதால் அதன் தோற்றம் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்.

கையின் நடை

திட்டமிட்ட வடிவத்தைக் கை நிகழ்த்தும் முறை நடை நோக்கில் தெளிவாகும். புள்ளி 1-இன் உச்சியில் தொடங்கி, அதன் வலப்புறமாக இறங்கவேண்டும். 1–2 இடையே விலகல் உள்ளதால் கம்பி புள்ளி 2-இன் பக்கம் செல்லாமல் 1-ஐயே சுற்றி, 1–4 இடையே வெட்டாகக் கடந்து புள்ளி 4-இன் இடப்புறம் செல்கிறது. 4-இன் அடியில் விலகலைக் கண்டு திரும்பி, 4–5 இடையே கடந்து, நடுப்புள்ளியின் இடமேல் வளைவாகச் சென்று 5–2 இடையே ஏறுகிறது. புள்ளி 2-இன் வலக்கீழ் வளைவைத் தொட்டு 2–3 இடையே கடந்து, புள்ளி 3-இன் உச்சியைச் சுற்றி அதன் வலப்புறத்தை அடைகிறது.

இதுவரை நிறைவேறிய வளைவுகள் ஒன்பது. அதாவது முப்பத்தாறில் கால்பங்கு. புள்ளி 1-இன் உச்சியில் தொடங்கிய கை புள்ளி 3-இன் வலப்புறத்தில் நிற்கிறது. தளத்தைக் கால்சுற்றுத் திருப்பினால் முன்னது பின்னதன் இடத்தில் வந்து பொருந்தும். இதே நடையை இன்னும் மூன்று முறை நிகழ்த்தினால், கை 9-இன் அடி, 7-இன் இடப்புறம் வழியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்பது வளைவுகளின் வரிசை மட்டுமே. நூற்றுக்கணக்கான வளைவுகள் கொண்ட பெரிய கோலத்தையும் ஏடு பாராமல் இடமுடிவது சமச்சீர் இவ்வாறு நினைவின் சுமையைக் குறைப்பதால்தான்.

பிழை கண்டறியும் இடமும் அதுவே. கால்பங்கின் முடிவில் கை திரும்பிய நிலையில் வந்து நிற்கவில்லையென்றால் எங்கோ ஒரு புள்ளியிடையில் வெட்டும் விலகலும் மாறிவிட்டன. கம்பி தொடங்கிய இடத்தில் கூடிய பின்னும் ஏதேனும் ஒரு புள்ளிக்கு நான்கு வளைவு நிறையவில்லையென்றால், திட்டமே ஒற்றைக் கம்பியல்லாத திட்டம். கையின் மேல் குற்றமில்லை. கோலக் குறிப்பேடுகளிலும் அச்சிட்ட கோல நூல்களிலும் ‘7 புள்ளி 7 வரிசை’ என்பது போன்ற அளவும் முடிந்த வடிவமுமே பெரும்பாலும் காணப்படுவதால், இவ்விரண்டு பிழைகளையும் அவற்றைக் கொண்டு வேறுபடுத்த முடிவதில்லை.

இரு விருப்பங்களின் முரண்

மேற்கண்ட சுவத்திகக் கோலம் கால்சுற்றுத் திருப்பத்தில் மாறாது. ஆனால் கண்ணாடியில் நோக்கினால் எதிர்த்திசையில் சுழலும். திருப்பச் சமச்சீர் உண்டு, ஆடிச் சமச்சீர் இல்லை. இரண்டும் கொண்ட ஒற்றைக் கம்பிக் கோலத்தை ஒன்பது புள்ளித் தளத்தில் அமைக்க இயலுமா?

கால்சுற்றுச் சமச்சீர் வேண்டுமெனில், 12 புள்ளியிடைகளும் நான்கு நான்காக மூன்று தொகுதிகளாகும். எனவே தெரிவுகள் எட்டே. அவற்றுள் ஆடிச் சமச்சீரும் உடையவை நான்கு. அவற்றில் அனைத்தும் வெட்டானால் மூன்று கண்ணிகள். நடுப்புள்ளியின் நான்கு பக்கமும் விலக்கினால், நடுவட்டம் தனியாகி, மீண்டும் மூன்று. விளிம்பின் எட்டையும் விலக்கினால் ஐந்து. எல்லாவற்றையும் விலக்கினால் ஒன்பது தனிவட்டங்கள். எஞ்சிய நான்கு தெரிவுகளில் இரண்டு ஐந்தைந்து கண்ணிகளைத் தருகின்றன. மற்ற இரண்டே ஒற்றைக் கம்பியைத் தருபவை: வலச்சுழிச் சுவத்திகமும் இடச்சுழிச் சுவத்திகமும்.

தளம் சிறியது என்பதால் ஏற்பட்ட குறை இது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. சதுரத் தளத்தின் மூலைவிட்டத்தைக் கருதுவோம். அதன்மேல் n புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியையும் சூழும் நான்கு வளைவுகளில் இரண்டை மூலைவிட்டம் குறுக்கே வெட்டுகிறது. ஆக, கம்பி மூலைவிட்டத்தை 2n இடங்களில் செங்குத்தாகக் கடக்கிறது. புள்ளியிடைகளில் வெட்டு, விலகல், கூடு ஆகிய மூன்றில் எது அமைந்தாலும் இத்தொகை மாறாது. ஏனெனில், மூலைவிட்டம் எந்தப் புள்ளியிடை வழியாகவும் செல்வதில்லை.

இனி, கோலம் ஒரே கம்பியாலானது என்றும், மூலைவிட்டத்தில் மடித்தால் தன்மேல் தானே பொருந்துவது என்றும் கொள்வோம். கம்பி மூலைவிட்டத்தைச் செங்குத்தாகக் கடக்கும் ஓரிடத்தில் இரு விரல்களையும் வைத்து, ஒன்றை ஒருபுறமும் மற்றதை மறுபுறமும் ஒரே வேகத்தில் கம்பிவழியே நகர்த்துவோம். மடிப்பில் பொருந்தும் கம்பியாதலால், இரு விரல்களும் எப்போதும் ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமாக இருக்கும். கம்பி மூலைவிட்டத்தைச் செங்குத்தாகக் கடக்கும் மற்றோரிடத்தை ஒரு விரல் அடையும்போது மற்ற விரலும் அதே வளைவை எதிர்ப்புறமிருந்து அடைய, இரண்டும் அங்கே சந்திக்கும். சந்தித்துவிட்டால் கம்பி முழுவதும் கடந்தாயிற்று. ஆகவே ஒற்றைக் கம்பி மூலைவிட்டத்தை அவ்வாறு கடக்கும் இடங்கள் இரண்டு மட்டுமே. 2n என்பது இரண்டாக இருக்க n ஒன்றாக வேண்டும். ஒரு புள்ளிக்கு மேற்பட்ட எந்தச் சதுரத் தளத்திலும் மூலைவிட்ட ஆடிச் சமச்சீரும் ஒற்றைக் கம்பியும் கூடி அமையா.

நெடுக்கு அச்சுக்கு இத்தடை இல்லை. 2 × 3 தளத்து முழுவெட்டுக் கோலம் நெடுக்கிலும் கிடக்கையிலும் ஆடிச் சமச்சீர் உடையது. ஒற்றைக் கம்பியும் ஆகிறது. தளத்தைச் சதுரமாக்காமல் 1–3–1 எனக் கூட்டல் குறி வடிவில் ஐந்து புள்ளி வைத்தால், மூலைவிட்ட அச்சு நடுப்புள்ளி ஒன்றை மட்டுமே தொடும். அங்கே எல்லாச் சமச்சீரும் கொண்ட ஒற்றைக் கம்பிக் கோலம் எளிதில் அமைகிறது. அதையே 1–3–5–3–1 என வளர்த்தால் அச்சில் மூன்று புள்ளிகள் வந்துவிடுவதால் மீண்டும் இயலாததாகிறது.

சிதைவுக் கருதுகோளும் அதன் எல்லையும்

கெர்டஸ் 1989இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று தென்னிந்தியத் தமிழர் கோலங்களில் இழக்கப்பட்ட சமச்சீர்களை மீட்டுருவாக்குவதைப் பற்றியது. ஏட்டிலேறிய வடிவங்கள் சிலவற்றில் காணப்படும் கோணலையும் பல கம்பிகளையும் காலப்போக்கில் நேர்ந்த சிதைவாகக் கொண்டு, சமச்சீரான ஒற்றைக் கம்பி மூலத்தை ஊகிப்பது அவரது வழி. சோனா வரைவுகளில் அவர் பெற்ற பயிற்சி இதற்குத் துணைநின்றது. பதிவில் சிறு பிழை நேர்ந்த வடிவத்தை அமைப்பு விதிகளால் திருத்தலாம் என்பதில் ஐயமில்லை. ஒரேயொரு புள்ளியிடையில் மட்டும் சமச்சீர் கெட்டிருக்கும் வடிவத்தைப் படியெடுத்தவரின் தவறாகக் கொள்வது ஏற்கத்தக்கதே.

ஆயினும், சமச்சீர், ஒற்றைக் கம்பி ஆகிய இரண்டையும் ஒருங்கே அளவுகோலாகக் கொள்ளும்போது, எவ்வகைச் சமச்சீர் என்று முதலில் கேட்க வேண்டியுள்ளது. திருப்பச் சமச்சீர் மட்டும் கொண்ட மூலத்தை ஊகிப்பதற்குத் தடை இல்லை. சதுரத் தளத்தில் மூலைவிட்ட ஆடிச் சமச்சீருடன் பல கண்ணிகளாக நிற்கும் கோலத்துக்கோ அதே சமச்சீர் கொண்ட ஒற்றைக் கம்பி மூலம் இருந்திருக்கவே முடியாது. 3 × 3 முழுவெட்டுக் கோலத்தின் மூன்று கண்ணிகளை மறதியின் விளைவு என்பது, கோலமிட்டவர் அறிந்தே கொண்ட தெரிவைக் குற்றமாக்குவதாகும். நான்கு திசையிலிருந்து நோக்கினும் நான்கு மடிப்பிலும் ஒத்திருக்கும் நிறைவை அவர் விரும்பினார். அதற்கு விலையாகக் கம்பியை மும்முறை எடுத்தார். சுவத்திகத்தை இட்டவர் விரலெடுக்காத நடையை விரும்பினார். அதற்கு விலையாகக் கோலம் ஒருபுறம் சுழல்வதை ஏற்றார்.

மார்சியா ஆஷர் 2002இல் ‘அமெரிக்கன் சயன்டிஸ்ட்’ இதழில் கோல மரபைப் பற்றி எழுதியபோது, தாம்பரத்து ஆய்வாளர்களின் இலக்கணங்களையும் கோலக் குடும்பங்களின் வளர்ச்சியையும் விரிவாக எடுத்துக்காட்டினார். அவர் கட்டுரையில் மரபு சிதைந்துவருவதாகவன்றி விதிகளுடன் வளர்வதாகத் தோன்றுகிறது. பதிவான ஒரு கோலம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இனி ஆராய்வோர், புள்ளித் தளத்தின் வடிவம், அச்சின்மேல் நிற்கும் புள்ளிகளின் தொகை, கண்ணிகளின் தொகை ஆகிய மூன்றையும் குறித்தபின் மூலத்தைப் பற்றிய ஊகத்துக்குச் செல்லலாம். கை தொடங்கிய இடத்தையும் அது சென்ற திசையையும் களத்திலேயே குறித்துவைத்தால், மூன்று கண்ணிகளும் எந்த வரிசையில் இடப்பட்டன என்பதும் தெரியவரும். வாயிலில் நின்று பார்ப்பவர் மட்டுமே அதைக் காண முடியும்.